நிகாஹ் வீடியோவை லிங்க் மூலம் அனுப்புவது எப்படி?



வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தாவால் மகளின் நிகாஹுக்கு லீவு கிடைத்து வர முடியாமல் போவது நம் ஊரில் புதிதல்ல. அப்படிப்பட்ட வீடுகளில் கல்யாணம் முடிந்த கையோடு எழும் கேள்வி, "வீடியோவை அவருக்கு எப்படி அனுப்புவது?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் ஏறவில்லை, ஏறினாலும் முகம் தெரியவில்லை என்று நம் அலுவலகத்துக்கு வந்து கேட்பவர்களுக்காக, அதற்கான வழியையும் அதில் கவனிக்க வேண்டியதையும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அத்தா ரியாத்தில் இருக்கிறார். மணப்பெண்ணின் அண்ணன் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். போடியில் நடந்த நிகாஹை அவர் தம் செல்போனில் 25 நிமிடம் படம் பிடித்தார். செல்போனில் வழக்கமாக வரும் முழு எச்டி தரத்தில் ஒரு நிமிடப் படம் சுமார் 130 எம்பி இடம் பிடிக்கும். 25 நிமிடத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3.2 ஜிபி ஆகிறது.

இதை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால், செயலி அதைச் சுருக்கித்தான் அனுப்பும். குத்பா ஓதும் சத்தம் கேட்கும். ஆனால் மேடையில் இருப்பவர்களின் முகம் மங்கிப்போகும். சுருக்காமல் அனுப்ப 'Document' என்ற வழி உண்டு. அதற்கு 2 ஜிபி வரைதான் இடம். பத்துப் பதினைந்து நிமிடப் படமானால் அந்த வழியே போதும். நம் கணக்கில் உள்ள 3.2 ஜிபி அதில் அடங்காது.

இந்த இடத்தில்தான் லிங்க் உதவுகிறது. படத்தை கூகுள் டிரைவ் போன்ற இணையக் கிடங்கில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் சாட்டில் அனுப்புகிறோம். லிங்க் என்பது வீடியோ அல்ல. வீடியோ இருக்கும் இடத்தின் விலாசம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. படம் முழுதாகக் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும், பெறுபவருக்குத் திறக்க அனுமதி இருக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்ளும் வரை படம் அங்கேயே இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் லிங்க் வெறும் எழுத்துத்தான்.

முதலில், படத்தை ஏற்றுவது. டிரைவ் செயலியைத் திறந்து '+' குறியைத் தொட்டு, 'Upload' கொடுத்து, வீடியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3.2 ஜிபி படம் விநாடிக்கு 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அண்ணன் மறுநாள் காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறிவிட்டால், கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். தோட்டத்திலும் நிலையாக நிற்காது. நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் போட்டிருந்தால் பாதிப் படம் ஏறும் முன்பே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். ஆகவே மலை ஏறுமுன் போடியில் வைஃபை உள்ள ஒரு வீட்டில், சார்ஜரில் போட்டு, இரவில் ஏற்றிவிடுவதே சரி. செயலியில் 'Transfer files only over Wi-Fi' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், செல்போன் டேட்டாவில் படம் ஏறாமல் வைஃபைக்காகக் காத்து நிற்கும். "காலையிலிருந்து ஏறவே இல்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

படம் ஏறி முடிந்து, டிரைவில் அதன் பெயரும் அளவும் சரியாகத் தெரியும் வரை செல்போனில் உள்ள மூலப் படத்தை அழிக்கக் கூடாது. இடம் இல்லையென்று அவசரப்பட்டு அழித்துவிட்டு, சாட்டில் போன மங்கலான பிரதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. சுருங்கிய படத்தை மறுபடி தெளிவாக்க வழியில்லை.

அடுத்து, அனுமதி. புதிதாக ஏற்றிய படம் 'Restricted' என்ற நிலையில் இருக்கும். அப்படியே லிங்கை நகலெடுத்து அனுப்பினால், ரியாத்தில் அத்தாவுக்கு 'You need access' என்றுதான் வரும். படம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. 'Anyone with the link' என்று மாற்றினால் லிங்க் கையில் உள்ள எவரும் பார்க்கலாம். சுலபமான வழிதான். ஆனால் குடும்பக் குழுவில் போட்ட லிங்கை ஒருவர் இன்னொரு குழுவுக்குத் தள்ளினால், அங்கே உள்ளவர்களும் பார்ப்பார்கள். நிகாஹ் படத்தில் பெண்கள் பகுதியும் இருக்கும். அவர்கள் நம்மை நம்பித்தான் கேமராவுக்கு முன் இருந்தார்கள். அந்தப் படம் நம்மிடம் உள்ள அமானிதம். எனவே இரண்டாவது வழியையே சொல்கிறோம். 'Share' என்பதைத் தொட்டு, அத்தாவின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்து, 'Viewer' என்று வைத்து அனுப்ப வேண்டும். லிங்க் எத்தனை கை மாறினாலும் அவருடைய கணக்கில்தான் திறக்கும். அவர் செல்போனில் எந்த ஜிமெயில் கணக்கு இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்வது முக்கியம். வேறு கணக்கில் திறந்தாலும் அதே 'You need access' தான் வரும்.

அத்தா திறந்தவுடன் படம் ஓடாமல், இன்னும் தயாராகிறது என்ற அறிவிப்பு வரலாம். பெரிய படத்தை ஓட்டிக் காட்டும்படி மாற்ற கிடங்குக்குச் சில மணி நேரம் தேவைப்படலாம். அதற்குள் டவுன்லோடு செய்துகொள்ளத் தடையில்லை. உலாவியில் டவுன்லோடு செய்யும்போது, வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை என்றும் எச்சரிக்கை வரும். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை கூகுள் சோதிப்பதில்லை என்பதே காரணம். அனுப்பியவர் நம் பிள்ளை என்று உறுதியாகத் தெரிந்தால் 'Download anyway' கொடுக்கலாம். லிங்க் `https://drive.google.com/` என்று தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். படம் பார்க்க ஓடிபியோ வங்கி விவரமோ கேட்டால் அது மோசடி.

கடைசியாக, படம் அங்கே இருக்க வேண்டிய காலம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஜிமெயிலும் போட்டோக்களும் சேர்ந்தே அடங்கும். இந்த ஒரு படமே அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இடம் நிரம்பிவிட்டால் மெயில் வருவதும் நின்றுவிடும். ஆகவே அத்தா டவுன்லோடு செய்து, கடைசி துஆ வரை ஓடுகிறது என்று உறுதி சொன்ன பிறகு, டிரைவிலிருந்து எடுத்துவிடலாம். மூலப் படத்தை ஒரு பென்டிரைவிலும் போட்டு வைத்துக்கொள்ளவும்.

எடுப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. அழித்த படம் 30 நாள் 'Trash' பகுதியில் கிடக்கும். அதுவரை இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே அனுமதி பெற்றவர்களால் பார்க்கவும் முடியும். அதனால் முதலில் அனுமதியை நீக்கிவிட்டு, படத்தை அழித்து, 'Trash' பகுதியையும் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் யாராவது டவுன்லோடு செய்திருந்தால் அந்தப் பிரதியை நம்மால் திரும்ப வாங்க முடியாது. யாருக்கு அனுமதி என்பதை லிங்க் அனுப்புமுன் முடிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

ஜிமெயில் முகவரி சேர்ப்பதில் சிரமம் உள்ளவர்கள், படம் உள்ள செல்போனையும் பெறுபவரின் முகவரியையும் எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வரலாம். கடவுச்சொல்லை எங்களிடம் சொல்ல வேண்டாம். உங்கள் கையாலேயே செய்து பார்க்க உடனிருந்து உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.