மண்ணீரலில் தேங்கும் கொழுப்பு: அன்றும் இன்றும்

கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளிய பிள்ளைக்கு அன்று முதலில் கிடைத்தது பூச்சி மருந்து. அடுத்தது சத்து டானிக். டாக்டர் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் தொப்புளையும் தாண்டி இறங்கியிருப்பதைக் கண்டால் சந்தேகம் மலேரியாவுக்கும் தலசீமியாவுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் போகும். எதுவும் இல்லையென்றால் எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். கசக்கிய காகிதம் போன்ற பெரிய செல்கள் தெரிந்தால் அது கோஷே நோய்.

1882-இல் இதை முதலில் எழுதிவைத்த பிலிப் கோஷே, மண்ணீரலில் வந்த ஒருவகைக் கட்டி என்றே நினைத்தார். உண்மையில் அந்தச் செல்கள் நம் உடலின் துப்புரவுச் செல்கள்தான். வயதாகிச் சாகும் ரத்த அணுக்களை விழுங்கி, லைசோசோம் என்ற சிறு பைக்குள் போட்டுச் செரிப்பது அவற்றின் வேலை. அணுவின் மேலுறையிலிருந்து வரும் குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பை, அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெட்டி உடைக்க ஒரு நொதி உண்டு. அது குறைந்தால் கொழுப்பு உடையாமல் அங்கேயே தங்கிவிடும். பழைய அணுக்கள் நாள்தோறும் வந்து விழும் இடம் மண்ணீரல் என்பதால் முதலில் வீங்குவதும் அதுதான். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் பிடித்துவைத்துக்கொள்ள, பிள்ளை வெளிறிப்போகும். பல் துலக்கினாலே ரத்தம் கசியும்.

நொதிக் குறைவுதான் காரணம் என்று அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடி 1965-இல் காட்டினார். ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மருத்துவர்களால் செய்ய முடிந்தது மண்ணீரலை வெட்டி எடுப்பது மட்டுமே. தட்டணுக்கள் ஏறின. கொழுப்பு வருவதோ நிற்கவில்லை. அது கல்லீரலுக்கும் எலும்புக்கும் இடம் மாறியது. இடுப்பு மூட்டு நொறுங்கி நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

பிரேடி குழு மனித நஞ்சுக்கொடியிலிருந்து நொதியைப் பிரித்து ஊசியில் ஏற்றியபோது, பெரும்பகுதி வேறு செல்களுக்குப் போய் வீணானது. நொதியின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியைச் செதுக்கி, மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்தார்கள். துப்புரவுச் செல்களில் மேனோஸைப் பிடிக்கும் ஏற்பிகள் இருப்பதால் நொதி சரியான இடத்துக்குப் போனது. 1991-இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. ஒரு நோயாளிக்கு ஓராண்டு மருந்தெடுக்க ஏறக்குறைய 20,000 நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994 முதல் இதே நொதி, வளர்ப்புச் செல்களில் தயாராகி இமிகுளூசரேஸ் என்ற பெயரில் வருகிறது.

இன்று நோயைக் கண்டுபிடிக்க மஜ்ஜை ஊசி முதல் வழியல்ல. வடிதாளில் காயவைத்த சில சொட்டு ரத்தம் முதல் சல்லடைக்குப் போதும். குறைவு தெரிந்தால் வெள்ளணுக்களில் நொதியை அளந்தும் மரபணுவைப் பார்த்தும் உறுதிசெய்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை ரயில் தூரம்தான். மத்திய அரசின் அரிய நோய்ச் சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று.

இனிச் சிக்கல் பணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவரின் 12 கிலோ எடையுள்ள பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 60 யூனிட் நொதி என்றால் ஒரு தடவைக்கு 720 யூனிட்; அதாவது 400 யூனிட் குப்பி இரண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. எடை இரட்டித்தால் குப்பி நான்காகும். அரிய நோய்க் கொள்கையின்படி அரசு தரும் உதவிக்கு 50 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. பிள்ளை வளர வளர அது வேகமாகக் கரையும். தொழிலாளிக்கு இன்னொரு வழி இ.எஸ்.ஐ.; இந்த நோய்க்கான நொதி மருந்தின் செலவை அது ஏற்றிருக்கிறது. ஆனால் 2017-இல் வகுத்த வரம்புப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் காப்பீடு நின்றுவிடும். சம்பள உயர்வே பிள்ளையின் மருந்துக்கு ஆபத்தாகிவிடும் விசித்திரம் இது.

பணம் இருந்தாலும் தீராத ஒன்று உண்டு. ஏற்றும் நொதி ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. இந்தியாவில் அதிகம் காணப்படும் எல்444பி என்ற மரபணு மாற்றத்தின் இரு பிரதிகளும் உள்ள பிள்ளைகளில் பலருக்கு மூளையும் பாதிக்கப்படும். கண்ணைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்ப முடியாமல் தலையை உதறித் திருப்புவது அதன் முதல் அடையாளம். மருந்தேற்றினால் அவர்களுக்கும் வயிறு வடியும், கண் சரியாகாது.

ஆகவே வயிறு பெருத்து, தட்டணுவும் குறைந்து, காரணம் பிடிபடாத பிள்ளைக்கு நொதிப் பரிசோதனை செய்யாமல் மண்ணீரலை எடுக்கச் சம்மதிக்கக் கூடாது. பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும். முதல் பிள்ளைக்கு நோய் உறுதியானால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதைப் பதினோராவது வாரத்திலிருந்தே பரிசோதித்து அறிந்துகொள்ளலாம்.