பி.எப். கட்டும் கடையில் ஒரு குடும்பத்திற்கு வந்த தொகை



தண்டையார்பேட்டையில் உள்ள என் மொத்த வியாபாரக் கிடங்கில் கணக்கு எழுதி வந்தவர் 2022-இல் மாரடைப்பால் தம் வீட்டில் காலமானார். வேலை நேரத்தில் இறக்கவில்லையே, காப்பீடு கிடைக்குமா என்று அவர் மனைவி கேட்டார். கிடைக்கும். பணியில் உள்ள காலத்தில் எங்கே, எதனால் இறந்தாலும் உண்டு.

இது 1976 ஆகஸ்டில் வந்த வைப்பு நிதி இணைப்புக் காப்பீடு. தொழிலாளி ஒரு காசும் கட்டுவதில்லை. சம்பளத்தில் அரை சதவீதத்தை முதலாளியே பி.எப். சலானோடு சேர்த்துக் கட்டுகிறார். அப்போது இருந்த 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு இது மாதம் 75 ரூபாய்தான்.

கணக்கிடும் முறை இது. கடைசி 12 மாத சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்க வேண்டும். அதோடு அதே 12 மாத பி.எப். சராசரி இருப்பில் பாதியைச் சேர்க்க வேண்டும். இந்தப் பாதிக்கு உச்சவரம்பு 1,75,000. 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி விதிப்படி மொத்த உச்சம் 7 லட்சம். இறப்பதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து பணியில் இருந்தவருக்குக் குறைந்தது இரண்டரை லட்சம்.

இங்கேதான் நான் செய்த தவறு தெரிய வந்தது. அவருக்கு நான் கொடுத்தது மாதம் 15,000. பதிவேட்டில் காட்டியது 9,000; மீதியைப் 'படி' என்று கையில் கொடுத்தேன். பிடித்தம் குறையுமே என்று அவரும் சம்மதித்தார். அதனால் கணக்கு 9,000 பெருக்கல் 35, அதாவது 3,15,000 என்று ஆனது. சராசரி இருப்பு 80,000. அதில் பாதி 40,000. ஆக வந்தது 3,55,000. முழுச் சம்பளத்தையும் காட்டியிருந்தால் முதல் பகுதி மட்டுமே 5,25,000 ஆகியிருக்கும். இருப்பும் கூடியிருக்கும். மாதம் 780 ரூபாய் மிச்சம் பிடித்தேன். அந்தக் குடும்பத்திற்கு இரண்டு லட்சத்திற்கு மேல் நஷ்டம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. திருமணத்திற்கு முன்பு அவர் தாயாரை நியமனதாரராக எழுதியிருந்தார். மணமானதும் அந்த நியமனம் செல்லாது. புதிதாக எழுத வேண்டும். எழுதாததால் பணம் மனைவி, குழந்தை, அவரை நம்பியிருந்த தாயார் ஆகிய மூவருக்கும் சமமாகப் பிரிந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்ததில் மாதங்கள் ஓடின. பி.எப். தொகை, குடும்ப ஓய்வூதியம், இந்தக் காப்பீடு மூன்றையும் ஒரே படிவத்தில் கோரலாம். அதில் கையொப்பமிட வேண்டியவர் முதலாளி.

இருபது பேருக்குக் குறைவாக வைத்து, பி.எப். பதிவும் செய்யாத கடைகளுக்கு இந்தக் காப்பீடு இல்லை. பதிவு செய்தவர்கள் இன்றே சம்பளப் பதிவேட்டையும் கையில் கொடுக்கும் தொகையையும் ஒத்துப் பாருங்கள். கல்யாணமான பையன்களின் நியமனத்தையும் ஒருமுறை கேளுங்கள்.