கம்பிக்குள் ஒளிந்திருக்கும் எண்கள்

கண்ணாடியின் காதுக்கம்பியை உட்புறமாகத் திருப்பினால் 50□22 150 என்பது போன்ற பொடி எழுத்துகள் தெரியும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது இரு லென்ஸ்களுக்கும் நடுவே மூக்கின் மேல் அமரும் பாலம், கடைசி எண் காதுக்கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். நடுவிலுள்ள சதுரம் அலங்காரமல்ல. லென்ஸைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து அளந்ததற்கான குறி.

ரே-பான் வேஃபேரர் 50□22, 54□18 ஆகிய அளவுகளில் கிடைக்கிறது. பெரியதை வாங்கினால் எல்லாமே பெரிதாகும் என்றுதான் நினைப்போம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 72, 72. லென்ஸ் வளர்ந்த அளவுக்குப் பாலம் சுருங்கிவிட்டது. பெரியது சிலரின் அகலமான மூக்கைக் கவ்விப் பிடிக்கலாம். சிறியது ஒல்லி மூக்கில் வழுக்கி இறங்கலாம்.

அந்தக் கூட்டுத்தொகை பவர் லென்ஸ் போடும்போது முக்கியம். ஒருவரின் கருவிழிகளுக்கு இடையே 62 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 72 ஃபிரேமில் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் மூக்குப் பக்கம் 5 மி.மீ. நகர்த்த வேண்டும். மைனஸ் பவர் என்றால் வெளி ஓரம் தடித்துவிடும். அதிகப் பவர்காரர்கள் சின்ன ஃபிரேம் எடுப்பதே நல்லது.

பூச்சு எதுவென்று இந்த எண்கள் சொல்வதில்லை. குளிர்கண்ணாடியின் கருமை புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. UV400 என்ற குறியைத் தேட வேண்டும். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குள் அடிக்கிறதா? அந்தப் பக்கத்தில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லை என்று அர்த்தம்.