படுத்தால் மூடிக்கொள்ளும் மூச்சுக்குழாய்கள்

எழுபது வயதுக்காரர் ஒருவர். நாற்பது வருடம் பீடி பிடித்தவர். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வார்டில் மல்லாந்து படுத்திருக்கிறார். மூச்சுத் திணறுகிறது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 90 என்று காட்டுகிறது. நர்ஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நன்றாக மூச்சை இழுத்துவிடச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் 94 ஆகிறது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை, படுத்திருந்த விதம் மட்டும்தான் மாறியது. அப்படியானால் உள்ளே நடந்தது என்ன?

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்களாகிறது. பெரிய குழாய்களைத் தாங்கும் குருத்தெலும்பு இவற்றில் கிடையாது. சுற்றியுள்ள காற்றறைகளின் மீள்தன்மையுள்ள இழைகள்தான், பந்தல் துணியை நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுபோல, இவற்றை விரித்துப் பிடித்திருக்கின்றன. நுரையீரல் உப்பியிருக்கும்போது இந்த இழுவிசை பலமாக இருக்கும். மூச்சை வெளியே விட விட அது தளரும். நுரையீரலுக்கும் எடை உண்டென்பதால், நிற்கும்போது அதன் அடிப்பகுதி மேற்பகுதியைவிட நெருக்குண்டு, குறைவாகவே விரிந்திருக்கிறது. எனவே மூச்சை முழுக்க விடும்போது முதலில் மூடுவது அடிப்பகுதியின் நுண்குழாய்கள்தான். அவை மூடத் தொடங்கிய பிறகும் நம்மால் வெளியேற்ற முடிகிற காற்றின் அளவையே மருத்துவர்கள் ‘குளோசிங் வால்யூம்’ என்கிறார்கள். ஆரோக்கியமான இளைஞருக்கு இது, ஒரே மூச்சில் அதிகபட்சம் வெளியேற்றக்கூடிய காற்றில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரணமாக மூச்சு விடும்போது அவர் அந்தக் கட்டத்துக்குக் கிட்டவே போவதில்லை.

வயது ஏற ஏற அந்த இழைகளின் மீள்தன்மை குறைகிறது. முன்பு மூச்சின் கடைசியில் மூடிய குழாய்கள் இப்போது முன்கூட்டியே மூடுகின்றன. 1970-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுமார் 66 வயதில், உட்கார்ந்தபடி இயல்பாக மூச்சு விட்டாலே அதன் முடிவில் அடிப்பகுதிக் குழாய்கள் மூடத் தொடங்குகின்றன. படுத்தால் இது 44 வயதிலேயே நேர்கிறது. படுக்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளிவிடுவதே காரணம்.

நம் நோயாளிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய நுரையீரலில் 2.9 லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும்போதே அடிக்குழாய்கள் மூடத் தொடங்குகின்றன என்று வையுங்கள். உட்கார்ந்து மூச்சு விட்டால் முடிவில் 3 லிட்டர் நிற்கும், தப்பித்துக்கொள்கிறார். படுத்தால் அது 2.3 ஆகிவிடுகிறது. மயக்க மருந்தின் தாக்கம் இன்னும் அரை லிட்டர் வரை குறைக்கலாம். அரை லிட்டர் காற்றை இழுத்தும்கூட 2.9-ஐ எட்டவில்லை. அதாவது, ஒரு பகுதிக் குழாய்கள் மூச்சை இழுக்கும்போதும் திறப்பதில்லை. ரத்தமோ புவியீர்ப்பால் தாழ்ந்த பகுதிக்கே அதிகம் பாய்கிறது. அங்கே ஆக்சிஜன் கிடைக்காமல் வந்த நிறத்திலேயே திரும்புகிறது. மூடிய குழாய்க்கு அப்பால் சிக்கிய காற்றை ரத்தம் உறிஞ்சிக்கொள்ள, அந்தக் காற்றறைகள் நாளடைவில் சுருங்கியும் போகலாம்.

புகை இதை இரண்டு வழிகளில் மோசமாக்குகிறது. குழாயின் உள்சுவர் வீங்கி, சளி கூடி, துளை குறுகுகிறது. புகையால் எரிச்சலுற்று அங்கே திரளும் வெள்ளணுக்கள் விடும் நொதிகள், குழாயைப் பிடித்திருக்கும் இழைகளையே அரிக்கின்றன. வயதால் மெல்ல நடப்பது, புகைப்பவருக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது.

குளோசிங் வால்யூமை அளக்கும் முறை அழகானது. மூச்சை முழுக்க விட்டுவிட்டு, தூய ஆக்சிஜனை நிறைய இழுத்து, மிக மெதுவாக வெளிவிட வேண்டும். இழுத்த ஆக்சிஜனில் பெரும்பங்கு அடிப்பகுதிக்குப் போவதால் அங்கே நைட்ரஜன் நீர்த்துவிடும். மேற்பகுதியில் அது அதிகம் தங்கும். வெளிவரும் காற்றில் நைட்ரஜன் வெகுநேரம் ஏறக்குறைய சமமாக இருந்து, கடைசியில் சட்டென்று ஏறும். அடிப்பகுதி மூடிவிட்டது, இனி வருவது மேற்பகுதிக் காற்று மட்டுமே என்பதற்கு அதுதான் அடையாளம்.

புகைப்பவர்களில் யாருக்கு நுரையீரல் கெடும் என்பதை இது முன்கூட்டியே சொல்லிவிடும் என்று 1970-களில் பெரிதாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. முடிவு அளப்பவர், அளக்கும் நாள் என்று மாறியது. அளவு கூடியிருந்த பலருக்குக் கடுமையான நோய் வரவும் இல்லை. இன்று சாதாரண மருத்துவமனைகளில் இதைச் செய்வதில்லை.

ஆனாலும் அந்த ஆய்வுகள் கற்றுத்தந்த ஒன்றை நாம் விடக்கூடாது. நுண்குழாய்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், அவற்றில் நிறைய கெட்ட பிறகும் வழக்கமான ஊதும் பரிசோதனை ‘நார்மல்’ என்றே வரலாம். புகையை விட்டவர்களிடம் சில மாதங்களில் நைட்ரஜன் பரிசோதனை முடிவு மேம்பட்டதும் பதிவாகியிருக்கிறது. எனவே முப்பது வயதில் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததைக் காட்டிப் புகைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.