அழித்த செய்தி மாமாவின் போனில் எப்படி இருந்தது?

'மாமா வாங்கின இருபதாயிரம் இன்னும் வரலை.' மனைவிக்கு அனுப்ப வேண்டிய இந்த வரியை, அந்த மாமாவும் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதறிப்போய் ஒரு நிமிடத்துக்குள் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்துவிடுகிறார். வரி மறைந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் காலை மாமா கூப்பிட்டு, அதே வரியை வார்த்தை பிசகாமல் சொல்லிக் கேட்கிறார்.

வாட்ஸ்அப் செய்தி, பெறுபவரின் போனுக்குப் போய்ச் சேரும்வரைதான் நிறுவனத்தின் சர்வரில் காத்திருக்கும். சேர்ந்த பிறகு அது இருக்கும் இடம் அவரவர் போன். அனுப்பியவரின் கை அங்கே எட்டாது. அதனால் அழிக்கச் சொன்னதும் இன்னொரு செய்திதான் கிளம்புகிறது. 'இன்ன அடையாளம் கொண்ட செய்தியை நீக்கு' என்று அது சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆணையை மாமாவின் போனில் உள்ள வாட்ஸ்அப் படித்து, பழைய வரியை எடுத்துவிட்டு, செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பை அங்கே வைக்கிறது.

இந்த ஆணை வாட்ஸ்அப்புக்குள் மட்டும்தான் செல்லும். முதல் செய்தி வந்தபோதே போனின் மேல்பகுதியில் நோட்டிஃபிகேஷன் எழுந்திருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' என்றொரு வசதி உண்டு. செட்டிங்ஸில் அதை இயக்கி வைத்தவருக்கு, கடந்த 24 மணி நேரத்தில் வந்த நோட்டிஃபிகேஷன்கள் அங்கே பதிவாகியிருக்கும். அது போனின் ஏடு. வாட்ஸ்அப்பால் திருத்த முடியாது. மாமா படித்தது அங்கேதான்.

குழுவில் வேறு வழிகளும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் அத்தை மகன் அந்த வரியைத் தொட்டு 'என்ன இது?' என்று பதில் போட்டிருந்தால், பதிலுக்கு மேலே மூல வரியின் நகல் ஒட்டிக்கொண்டிருக்கும். யாராவது ஃபார்வேர்டு செய்திருந்தால் அது தனிச் செய்தி. ஆணை அதைத் தேடிப் போகாது. படம் அனுப்பியிருந்தால், ஐபோன்காரரின் போட்டோ தொகுப்பில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்.

இதில் மிகவும் கவலைப்பட வேண்டியது வேறு: அழிப்பு எதிர்முனையில் நிறைவேறாவிட்டால் அனுப்பியவருக்கு எந்தத் தகவலும் வராது. மிகப் பழைய வாட்ஸ்அப் வைத்திருப்பவரிடம் செய்தி அப்படியே கிடக்கலாம்.

டெலிகிராமின் வழி வேறு. அதன் சாதாரண அரட்டைகள் சர்வரிலேயே இருப்பதால், 2019 முதல் தனி அரட்டையில் எந்தக் காலத்துச் செய்தியையும் இரு பக்கமும் நீக்கலாம். வாட்ஸ்அப்பில் காலக்கெடு உண்டு. 2017இல் வெறும் 7 நிமிடமாக இருந்தது, பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானது. 2022 முதல் இரண்டு நாளுக்குச் சற்று அதிகம்.

பதற்றத்தில் பலர் 'டெலீட் ஃபார் மி'யைத் தொட்டுவிடுகிறார்கள். அப்போது செய்தி தன் போனிலிருந்து மட்டும் போகிறது. மற்றவர்களிடம் இருப்பதை அழிக்க வழியில்லாமல் போய்விடுகிறது. உடனே திரையின் அடியில் 'அன்டூ' என்று சில நொடிகள் தோன்றும். அதைத் தொட்டால் செய்தி திரும்பி வரும். பிறகு எல்லோருக்குமாக அழிக்கலாம்.