ஜப்பானிய ரசீதில் ஒளிந்திருக்கும் சாட்சிகள்

06-04-03. டோக்கியோவில் ஒரு பல்பொருள் அங்காடி தந்த ரசீதின் தலையில் இந்தத் தேதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அதைப் பார்ப்பவர் 2003 ஏப்ரல் 6 என்று படிப்பார். அமெரிக்க வழக்கத்தில் பழகியவருக்கு அது 2003 ஜூன் 4. ஜப்பானியர்கள் ஆண்டை முதலில் எழுதுவார்கள் என்று மட்டும் தெரிந்தவர் 2006 ஏப்ரல் 3 என்பார். மூவர் சொல்வதும் தவறாக இருக்கலாம். ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து ஆண்டைக் குறிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இப்போது நடப்பது ரெய்வா காலம். அது 2019 மே 1 அன்று தொடங்கியது. 2019ஐ ரெய்வா 1 என்று எண்ணினால், ரெய்வா 6 என்பது 2024. அப்படியானால் இது 2024 ஏப்ரல் 3.

கைப்பேசியில் படம் எடுத்தால் வெளிநாட்டு ரசீதை நொடியில் மொழிபெயர்த்துத் தரும் செயலிகள் இன்று பலரிடம் இருக்கின்றன. சொற்களில் அவை பெரும்பாலும் தேறிவிடும். அவை தடுமாறும் இடங்கள் தேதி, தொகை, அளவு ஆகிய மூன்றும்தான். அலுவலகப் பயணச் செலவைத் திரும்பப் பெறவோ, மருத்துவச் செலவைக் கணக்கில் காட்டவோ ரசீதை மொழிபெயர்க்கும்போது நமக்குத் தேவைப்படுவதும் இந்த மூன்றுதான். ஆனால் ரசீது வெறும் எழுத்து அல்ல, அது ஒரு கணக்கு. அதிலுள்ள எண்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. எதைத் தவறாகப் படித்தோம் என்பதை அந்தப் பிணைப்பே காட்டிக்கொடுக்கும். அதனால் ரூபாய்க்கு மாற்றும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் ரசீதை அதன் சொந்த எண்களிலேயே சோதிக்க வேண்டும்.

இதற்காக ஒரு மாதிரி ரசீதை அமைத்துப் பார்ப்போம். மேலே சொன்ன தேதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் புதன்கிழமையைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. கோழி இறைச்சி 312 கிராம், 100 கிராமுக்கு 198 என்ற விலையில் 617. ஐந்து கிலோ அரிசி 2,280. அதற்குக் கீழே ▲100. இந்த இரண்டு பொருள்களுக்கும் பக்கத்தில் ஒரு சிறு குறி. பிறகு குறி இல்லாத இரண்டு பொருள்கள்: குடை 700, சலவைத்தூள் 380. அடியில் 8 சதவீத வரி 223, 10 சதவீத வரி 108, மொத்தம் ¥4,208. அதற்கும் கீழே 10,000, 5,792 என்று இன்னும் இரண்டு எண்கள்.

முதலில் தேதி. நம்மிடம் நான்கு விதமான வாசிப்புகள் இருக்கின்றன. கிழமையை வைத்துச் சோதிப்போம். 2003 ஏப்ரல் 6 ஞாயிறு, 2006 ஏப்ரல் 3 திங்கள். இரண்டும் விழுந்துவிட்டன. ஆனால் 2024 ஏப்ரல் 3 புதன், 2003 ஜூன் 4ஆம் தேதியும் புதன். கிழமையால் மட்டும் முடிவு கிடைக்கவில்லை.

வரி இங்கே உதவிக்கு வருகிறது. ஜப்பானின் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் 3 சதவீதமாகத் தொடங்கியது. 1997 ஏப்ரலில் 5, 2014 ஏப்ரலில் 8, 2019 அக்டோபரில் 10 சதவீதம் ஆனது. கடைசி உயர்வின்போது உணவுப்பொருள்களுக்கு, மதுவும் உணவகச் சாப்பாடும் நீங்கலாக, 8 சதவீதம் அப்படியே விடப்பட்டது. ஆகவே ஒரே ரசீதில் 8உம் 10உம் சேர்ந்து நின்றால் அது 2019 அக்டோபரையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது. 2003இல் எழுதப்பட்டிருந்தால் 5 சதவீதம்தான் இருந்திருக்கும். இனி ஐயமில்லை, இது ரெய்வா 6. மொழிபெயர்ப்பில் இதை 03-04-2024 என்று எழுதினால் பழைய குழப்பத்தையே வேறு வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம். மாதத்தின் பெயரைச் சேர்த்து ‘2024 ஏப்ரல் 3’ என்று எழுதுவதே பாதுகாப்பு. பழைய ஆவணங்களில் ரெய்வாவுக்கு முந்தைய ஹெய்செய் காலத்தின் ஆண்டு வந்தால் அந்த எண்ணோடு 1988ஐக் கூட்ட வேண்டும். ரெய்வாவுக்கு 2018.

அடுத்து தொகை. கோழி இறைச்சியிலிருந்து தொடங்குவோம். 312 கிராமை 100 கிராமுக்கு 198 வீதம் கணக்கிட்டால் 617.76 வருகிறது. ரசீதில் 617 என்று இருக்கிறது. யென்னுக்குக் கீழே புழக்கத்தில் காசு கிடையாது. அதன் நூறில் ஒரு பங்கான ‘சென்’ 1953ஆம் ஆண்டின் முடிவோடு செல்லாததாகிவிட்டது. அதனால் கடைகள் பின்னத்தை வெட்டிவிடும், அல்லது முழு எண்ணாக்கும். எப்படிச் செய்வது என்பது கடையின் விருப்பம். இந்தக் கடை வெட்டுகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. வரியிலும் அதுவே நடக்கிறதா என்று பார்க்க, குறியிட்ட பொருள்களைக் கூட்ட வேண்டும்.

அங்கே நிற்கிறது அந்த முக்கோணம். ஜப்பானியக் கணக்கெழுத்தில் ▲ என்பது கழித்தல் குறி, அதாவது இது 100 யென் தள்ளுபடி. செயலி அதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிட்டால் தள்ளுபடி ஒரு புதிய செலவாக மாறிவிடும். 617, 2,280, 100 மூன்றையும் கூட்டினால் 2,997. அதில் 8 சதவீதம் 239, ஆனால் ரசீதில் 223. நூறைக் கழித்தால் 2,797, அதில் 8 சதவீதம் 223.76, வெட்டினால் 223. பொருந்திவிட்டது. கூட்டல் உதைக்கும்போது வித்தியாசம் ஏதாவதொரு வரியிலுள்ள எண்ணைப்போல் சரியாக இரு மடங்காக இருந்தால், அந்த வரியின் கழித்தல் குறிதான் தொலைந்திருக்கிறது என்று உடனே ஊகிக்கலாம்.

குறியில்லாத பொருள்கள் 1,080, அதில் 10 சதவீதம் 108. எல்லாம் சேர்ந்து 4,208. இந்தக் கூட்டல் இன்னொன்றையும் உறுதிசெய்கிறது. பொருள்களின் விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருந்தால் மொத்தம் 3,877ஆக இருந்திருக்கும். அப்படி இல்லாததால் வரி தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேறு கடைகளில் விலைக்குள்ளேயே வரி இருக்கும், அடியில் தகவலுக்காக மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அதை மறுபடி கூட்டிவிடக் கூடாது. எது எந்த வகை என்பதைச் சொல்வது மொத்தம்தான்.

கடைசி இரண்டு எண்களில் 10,000 வாடிக்கையாளர் நீட்டிய பணம், 5,792 மீதி. ரசீதிலேயே பெரிய எண்ணை மொத்தம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் மனிதரும் இங்கே 10,000 என்று எழுதிவிடுவார்கள். பத்தாயிரத்திலிருந்து 4,208ஐக் கழித்தால் 5,792 வருகிறது. நாம் படித்த மொத்தம் சரி என்பதற்கு இது இன்னுமொரு சாட்சி.

எண்கள் உறுதியான பிறகே நாணயம். ¥ என்ற குறி யென்னுக்கு மட்டும் உரியதல்ல, சீனாவின் யுவானுக்கும் அதுதான் குறி. 2024 ஏப்ரலில் ஒரு யுவான் ஏறக்குறைய பதினொன்றரை ரூபாய், ஒரு யென் ஏறக்குறைய 55 காசு. நாட்டைக் கவனிக்காமல் மாற்றினால் தொகை இருபது மடங்குக்கு மேல் ஊதிவிடும். ரசீதின் மொழி, வரி விகிதம், கடையின் தொலைபேசி எண் ஆகியவை நாட்டைச் சொல்லும். ஜப்பானில் 2023 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள வரி ரசீது முறையில், T என்ற எழுத்தும் அதையடுத்து 13 இலக்கங்களும் கொண்ட பதிவு எண் அச்சாகிறது. அது இருந்தால் கேள்வியே இல்லை.

யென்னுக்குக் காசு இல்லை என்பதால் வேறொரு விபத்தும் நேர்கிறது. பல கணினி நிரல்கள் எல்லாத் தொகையையும் காசுக் கணக்கில் வைத்துக்கொண்டு, காட்டும்போது கடைசி இரண்டு இலக்கங்களுக்கு முன் புள்ளி வைக்கும். அங்கே 4,208 யென் 42.08ஆகச் சுருங்கிவிடும். இதற்கு நேரெதிரான விபத்து இந்தியாவில் நடக்கக் காத்திருக்கிறது. ஃபைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா அமைப்பு வெளியிடும் குறிப்பு விகிதங்களில் டாலருக்கும் யூரோவுக்கும் ஒன்றுக்கான விலை இருக்கும். யென்னுக்கோ நூறு யென்னுக்கான விலை இருக்கும். நூறு யென்னுக்கான அந்த 55 ரூபாயை நேராகப் பெருக்கினால் 2,31,440 ரூபாய். சரியான விடை 2,314 ரூபாய்.

எந்த நாளின் விகிதம் என்பதும் முக்கியம். நூறு யென் 2024 ஏப்ரல் தொடக்கத்தில் 55 ரூபாயை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் 52ஐ ஒட்டி இறங்கி, செப்டம்பர் நடுவில் 59ஐ ஒட்டி ஏறியது. இதே ரசீதை ஜூலை விகிதத்தில் மாற்றினால் சுமார் 2,190 ரூபாய், செப்டம்பர் விகிதத்தில் சுமார் 2,480. செயலி பெரும்பாலும் நாம் படம் எடுக்கும் நாளின் விகிதத்தைத்தான் எடுக்கும். நமக்கு வேண்டியது வாங்கிய நாளின் விகிதம். தேதியை முதலில் உறுதிசெய்தது இதற்காகவும்தான், ஏனெனில் தேதி தவறினால் விகிதமும் தவறும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கி தன் விகிதத்தில் மாற்றி, அதன்மேல் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்த்திருக்கும். அப்போது நம் கையைவிட்டுப் போன பணம் எவ்வளவு என்பதற்கு வங்கிக் கணக்கறிக்கையே ஆதாரம், நம் பெருக்கல் வெறும் ஒப்பீடு.

அளவுகளில் மாற்ற வேண்டியவை குறைவு. கிராமும் கிலோவும் நமக்கும் பொதுவானவையே. ஆனால் ஜப்பானில் இறைச்சியை 100 கிராம் விலையில் சொல்கிறார்கள், நாம் கிலோ விலையில் பேசுகிறோம். ஒப்பிட வேண்டுமானால் 198ஐப் பத்தால் பெருக்கி 1,980 யென், அதாவது வரிக்கு முன் கிலோ சுமார் 1,090 ரூபாய் என்று குறிப்பில் தரலாம். அரிசி சமைக்கும் மின்பாத்திரம் வாங்கியிருந்தால் ‘5.5 கோ’ என்று இருக்கும். ஒரு கோ 180 மில்லிலிட்டர், ஆக அது சுமார் ஒரு லிட்டர் அரிசி கொள்ளும் பாத்திரம். பெருக்கினால் வருவது 990 மில்லிலிட்டர். ஆனால் பாத்திரத்தின் அளவைச் சொல்ல ‘சுமார் ஒரு லிட்டர்’ போதும். மூலத்தில் எவ்வளவு நுட்பம் இருக்கிறதோ அதற்கு மேல் மொழிபெயர்ப்பு காட்டக் கூடாது. 2,314 ரூபாய் 40 காசு என்று எழுதுவதும் அப்படித்தான். விகிதமே தோராயமாக இருக்கையில் அந்தக் காசுக்குப் பொருளில்லை.

ஒவ்வொரு வரியையும் ரூபாயாக மாற்றி, யென்னை அழித்துவிட்டுத் தருவது தவறு. வரிக்கு வரி முழு எண்ணாக்கும்போது கூட்டல் ஓரிரு ரூபாய் பிசகும். 617ஐயும் 198ஐயும் வைத்து நாம் செய்த சோதனையை இன்னொருவர் செய்து பார்க்க வழியே இருக்காது. பொருள்களின் பெயர் தமிழில், தொகைகள் யென்னில், ▲ இருந்த இடத்தில் ‘தள்ளுபடி −100’ என்று எழுதி, ரூபாயை மொத்தத்துக்குப் பக்கத்தில் மட்டும் தருவது நல்ல முறை. அந்த ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ‘மொத்தம் 4,208 யென், 2024 ஏப்ரல் 3ஆம் நாள் விகிதம், 100 யென்னுக்கு 55 ரூபாய் வீதம், சுமார் 2,314 ரூபாய்.’ அந்த 55 என்ற இடத்தில் அன்றைய விகிதத்தைத் துல்லியமாக எழுதி, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துவிட்டால், கணக்கைச் சரிபார்ப்பவர் நம்மை நம்ப வேண்டியதில்லை. அவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.