டாலர் எந்த இடத்தில் ரூபாயாகிறது?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள ஒரு நிறுவனம், கோயம்புத்தூரில் இருந்தபடி தனித்துப் பணிபுரியும் மென்பொருளாளர் ஒருவருக்கு இணையத்தளம் ஒன்றின் வழியாக ஊதியம் அளிக்கிறது. கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த அப்வொர்க், பேபால் போன்ற நிறுவனங்களே பெரும்பாலும் இதில் இடைத்தரகர்கள். இந்த டாலர் எந்த இடத்தில் ரூபாயாக மாற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே அவர் கையில் கிடைக்கும் தொகை அமைகிறது.

டெக்சாஸில் வசித்துக்கொண்டு இதே வேலையைச் செய்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு உள்ளூர் வங்கிக் கணக்கிலேயே டாலர் வந்து சேர்கிறது. இந்தியாவில் இருப்பவருக்கோ இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில் தளமே டாலரை ரூபாயாக மாற்றி, உள்ளூர் வங்கிக்கு அனுப்பிவிடும். அப்வொர்க் இதற்கு ஒவ்வொரு முறையும் 99 சென்ட் மட்டுமே கட்டணமாகக் காட்டுகிறது. ஆனால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது வங்கியல்ல, தளமும் அதன் கூட்டாளியும்தான். சந்தை விகிதத்துக்கும் அந்த விகிதத்துக்கும் உள்ள இடைவெளியே உண்மையான கட்டணம். ரசீதில் அது தனி வரியாக இடம்பெறுவதில்லை.

இரண்டாவது வழியில் டாலராகவே கம்பி வழிப் பரிமாற்றம் நடைபெறும். அனுப்பும் கட்டணமும், இடையில் உள்ள வங்கியின் கழிவும் போக எஞ்சியதை இந்திய வங்கி தனது டிடி வாங்கும் விகிதத்தில் ரூபாயாக்கும். நாணய மாற்றுச் சேவைக்கான ஜிஎஸ்டி வரியும் இதில் கழிக்கப்படும்.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். எளிமைக்காகச் சந்தை விகிதம் 85 ரூபாய் எனக் கொள்வோம். தளம் 83.30, வங்கி 84.40 தருவதாகவும், கம்பி வழிக்கு மொத்தம் 45 டாலர் செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். 900 டாலரை எடுத்தால் தளத்தின் வழியே சுமார் 74,890 ரூபாய் கிடைக்கும். வங்கி வழியே, ஏறத்தாழ 130 ரூபாய் ஜிஎஸ்டி போக, 72,030 ரூபாய்தான் மிஞ்சும். வங்கியின் விகிதம் மேலானதாக இருந்தும் நிலையான கட்டணம் அந்த ஆதாயத்தை விழுங்கிவிடுகிறது.

அதே விகிதங்களில் 4,000 டாலரை எடுத்தால் தளம் தருவது சுமார் 3,33,120 ரூபாய். வங்கி தருவது 3,33,410 ரூபாய். அதாவது நாலாயிரத்தை நெருங்கும்போதுதான் வங்கி முந்துகிறது, அதுவும் சில நூறு ரூபாயே. எனவே விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். வந்து சேர்ந்த மொத்த ரூபாயை, தளத்தில் இருந்து எடுத்த டாலரால் வகுத்துப் பார்ப்பதே சரியான அளவுகோல். மேற்கண்ட முதல் கணக்கில் அது தளத்துக்கு 83.21, வங்கிக்கு 80.04.

பணத்தைச் சேர்த்துவைத்துப் பெருந்தொகையாக எடுப்பது எல்லாத் தளங்களிலும் இயலாது. இந்தியாவில் இருந்து ஏற்றுமதி வருவாயாகப் பேபாலில் சேரும் தொகை அன்றாடம் தானாகவே ரூபாயாக்கப்பட்டு வங்கிக்குச் சென்றுவிடுகிறது. ரிசர்வ் வங்கி 2010 நவம்பரில் இத்தகைய இணையவழிப் பட்டுவாடாக்களுக்கு விதித்த கட்டுப்பாடுகளின் விளைவு இது. விகிதம் உயரட்டும் என்று காத்திருக்க அங்கே வாய்ப்பில்லை.

எந்த வழியில் பணம் வந்தது என்பதை வங்கிக் கணக்கின் பதிவே காட்டிவிடும். நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் என்று இருந்தால், பணம் ரூபாயாகவே வந்திருக்கிறது. அந்த வரவுக்கு உள்ளூர்க் கிளையில் அந்நியச் செலாவணி வரவுச் சான்று கேட்டால் கிடைக்காது. தளத்திடமோ அதன் கூட்டாளி வங்கியிடமோதான் அதைப் பெற வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பெற்று, வரியின்றிச் சேவை ஏற்றுமதி செய்பவருக்குச் சில நூறு ரூபாய் வித்தியாசத்தைவிட இந்தச் சான்று முக்கியமானது.

இந்தக் கழிவுகளைத் தவிர்க்கவென்று, அமெரிக்காவில் உள்ள அக்காவின் கணக்கில் ஊதியத்தைப் பெற்று, பின்னர் குடும்பச் செலவுக்கான பணமாக ஊருக்கு அனுப்பச் சொல்லும் யோசனையும் உலவுகிறது. இது மலிவாகத் தோன்றும் ஆபத்து. தளக் கணக்கின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் பணம் முடக்கப்படலாம். ஊருக்கு வந்து சேரும் தொகையின் நோக்கக் குறியீடும் ஏற்றுமதி வருவாய் என்பதிலிருந்து குடும்பப் பராமரிப்பு என்று மாறிவிடும். அதன்பின் அதை ஏற்றுமதி என்று நிரூபிப்பது கடினம். அக்கா வேலை அனுமதியற்ற எச்-4 விசாவில் இருப்பவர் என்றால், அவர் பெயரில் ஒழுங்காக வந்துசேரும் ஊதியம் குடிவரவு அதிகாரிகளிடம் அவரே விளக்க வேண்டிய ஒன்றாகிவிடும்.